பரங்கியும் மிளகாயும் இல்லாத ஏழுகறிக் குழம்பு

மார்கழித் திருவாதிரைக்குக் களியும் ஏழுகறிக் குழம்பும் வைக்கிற வீடுகளில் காய் விஷயத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், கோஸ், தக்காளி எதுவும் சட்டிப் பக்கம் வரக் கூடாது. அதெல்லாம் இங்கிலீஷ் காய். நாட்டுக் காய் மட்டும்தான், அதுவும் ஒற்றைப்படையில். ஏழு, ஒன்பது, முடிந்தால் பதினொன்று. திருவாரூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் வழக்கமாகப் போடுவது பரங்கிக்காய், சர்க்கரைவள்ளி, சேனை, சேம்பு, வாழைக்காய், அவரை, மொச்சை.

இதில் முதல் இரண்டும் உருளைக்கிழங்கு பிறந்த அதே அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தவை. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதற்கு முன்னால் காவிரிக் கரையில் யாரும் பரங்கிக்காயைப் பார்த்திருக்க முடியாது. சர்க்கரைவள்ளிக்கும் அதே கதைதான். குழம்புக்கு வறுக்கிற காய்ந்த மிளகாய், களியின் மேல் நெய்யில் வறுத்துப் போடுகிற முந்திரிப்பருப்பு, இவையும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். ஆக, கண்டிப்பான நம் சட்டிக்குள் முன்னால் வந்தவர்களுக்கு ஊர்க்காரர் என்று இடம் கிடைத்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்தில் பரவலான உருளைக்கிழங்குக்கு மட்டும் வாசலிலேயே தடை. திவசச் சமையலில் மிளகாயைத் தொடாமல் மிளகோடு நிற்கிற வீடுகளில்கூட, பல இடங்களில் சர்க்கரைவள்ளி இலைக்கு வந்துவிடுகிறது.

சரி, இவர்கள் அத்தனை பேரையும் வெளியே நிறுத்திவிட்டு இந்தக் குழம்பை வைத்தால் என்ன ஆகும்? இந்த மார்கழியில் அதைத்தான் செய்து பார்த்தேன். சோழர் காலக் குழம்பை அப்படியே மீட்டெடுத்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லவில்லை. அப்படிக் குறிப்பு எதுவும் கையில் இல்லை. இருக்கிற குழம்பிலிருந்து பிற்பாடு வந்தவற்றைக் கழித்துவிட்டு, மீதி நிற்கிறதா விழுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

கழிக்கிறதற்கு முன்னால், என்னென்ன மிஞ்சும் என்று பார்த்துக்கொண்டேன். இதற்குப் பட்டினப்பாலை போல உதவி வேறில்லை. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாட வந்த உருத்திரங்கண்ணனார், ஊருக்கு வெளியே இருக்கிற தோட்டங்களை ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போகிறார்: தென்னை, வாழை, கமுகு, மஞ்சள், மா, பனை, சேம்பு, இஞ்சி. இதில் கமுகையும் மாவையும் பனையையும் தள்ளிவிட்டால் பாதிக் குழம்பு வந்துவிட்டது. தேங்காய், வாழைக்காய், மஞ்சள், சேம்பு, இஞ்சி. பிறகு துறைமுகத் தெருவுக்கு வரும்போது, கடல் வழியாகக் குதிரை வந்ததையும் தரை வழியாக மிளகு மூட்டை வந்ததையும் சேர்த்துச் சொல்கிறார். 'காலின் வந்த கருங்கறி மூடையும்' என்று வரி. டெல்டாவில் மிளகு விளையாது. மேற்கு மலையில் விளைந்தது வண்டியேறி வந்திருக்கிறது. அதற்குப் பல நூற்றாண்டு கழித்து, ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அமுதுபடிக் கணக்கு வருகிறது. அங்கேயும் மிளகு, கடுகு, சீரகம், புளி, தயிர்தான்.

திருவாதிரை நாளும் அந்தக் காலத்ததுதான். ஆரூரின் ஆதிரை நாளைப் பற்றி அப்பர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அது ஏழாம் நூற்றாண்டு. அந்தப் பதிகத்தில் முத்து விதானமும் கவரியும் வருகின்றன, களி வரவில்லை. களியைக் கொண்டுவருவது தில்லைக்குப் பக்கத்தில் விறகு விற்றுப் பிழைத்த சேந்தனாரின் கதை. மழையில் விறகு நனைந்து விலைபோகாத நாளில், வீட்டில் இருந்த அரிசியை மாவாக்கிக் களி கிண்டி அடியாருக்குப் படைத்தார் என்றும், மறுநாள் நடராஜர் சந்நிதியில் களி சிதறிக் கிடந்தது என்றும் சொல்வார்கள். ஒன்பதாம் திருமுறையில் இருக்கிற திருப்பல்லாண்டு அவர் பாடியதுதான். கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் பாடு. ஆனால் இல்லாதவன் வீட்டுச் சமையல் என்பது களியின் லட்சணத்திலேயே தெரிகிறது. அதில் முந்திரிக்கு என்ன வேலை?

காய்க்கு வருகிறேன். பரங்கிக்குப் பதிலாக வெள்ளைப் பூசணி. அது பழைய காய், சந்தேகமில்லை. சர்க்கரைவள்ளிக்குப் பதில் பெருவள்ளிக்கிழங்கு. இது கொடியில் ஏறுகிற உண்மையான வள்ளி. தோல் கரடுமுரடாக, யானைக்கால் மாதிரி ஒரு உருவம், உள்ளே வெள்ளை அல்லது ஊதா. திருவாரூர்க் கடைத்தெருவில் சர்க்கரைவள்ளியைக் குவித்து வைத்திருந்த அம்மாவிடம் பெருவள்ளி கேட்டேன். "பொங்கலுக்குத்தான் தம்பி வரும், இப்ப யாரு கேக்குறா?" என்றார். கடைசியில் கொல்லையில் வைத்திருக்கிற ஒரு வீட்டில் சொல்லி வைத்துத் தோண்டி வாங்கினேன். வேலியில், காட்டில் தானாக ஏறிக் கிடக்கிற வள்ளி எல்லாவற்றையும் இப்படித் தோண்டிச் சாப்பிடக் கூடாது. அவற்றில் நச்சுள்ள வகைகள் உண்டு. வளர்க்கிறவர் கையால் வாங்குவதே நல்லது. மீதி ஐந்தும் வழக்கம்போல சேனை, சேம்பு, வாழைக்காய், அவரை, பச்சை மொச்சை. எல்லாம் நறுக்கினபிறகு ஒரு கிலோ. ஆறு பேருக்குத் தாராளம்.

பக்கத்திலேயே இன்னொரு அடுப்பில் வழக்கமான குழம்பும் வைத்தோம். அது சித்தியின் பொறுப்பு. "பரங்கி போடாம ஏழுகறியா? சாமி கோவிச்சுக்காதுடா, உங்க சித்தப்பாதான் கோவிச்சுப்பாரு" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்.

இந்தக் குழம்பில் ருசியைவிட வேகிற வரிசைதான் கஷ்டம். ஏழு காயும் ஏழு விதம். எல்லாவற்றையும் சேர்த்துப் புளித்தண்ணீரில் கொட்டிக் கொதிக்கவிட்டால், பூசணி கரைந்துபோய் மொச்சை கல்லாக நிற்கும். புளிப்பில் காய் மெதுவாகத்தான் வேகும். அதனால் முக்கால் வேக்காட்டை வெறும் தண்ணீரில் முடித்துவிட்டுத்தான் புளியை ஊற்ற வேண்டும். இதற்கு விலக்கு சேனை. சேனையிலும் சேம்பிலும் ஊசி மாதிரி நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. நாக்கும் தொண்டையும் அரிப்பது அவை குத்துவதால்தான். சேனையை மட்டும் தனிப் பாத்திரத்தில் கொஞ்சம் புளித்தண்ணீரும் மஞ்சளும் போட்டு, முனை மழுங்குகிற வரை வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். நேரம் கூட ஆகும், ஆகட்டும். நறுக்குவதற்கு முன்னால் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் கை அரிக்காது.

சேம்பைத் தோலோடு வேகவைத்து உரித்து, வட்டமாக நறுக்கிக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் அதன் வழுவழுப்பு முழுக்கக் குழம்பில் இறங்கி, கரண்டியைத் தூக்கினால் நூலாக வரும். கடைசியில், புளி நன்றாகக் கொதித்த பிறகு போட்டால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இந்த முறை இரண்டு சேம்பை மட்டும் வேண்டுமென்றே மசித்து முன்னாலேயே கலந்தேன். காரணம் பரங்கிக்காய். வழக்கமான குழம்பில் பரங்கித் துண்டு பாதி கரைந்து குழம்புக்குக் கெட்டித் தன்மையைக் கொடுக்கிறது. அது இல்லையென்றால் குழம்பு தண்ணியாகப் பிரிந்து நிற்கும். பூசணி அந்த வேலையைச் செய்யாது, அது தண்ணீரைத்தான் விடும். மசித்த சேம்பு அந்த இடத்தை நிரப்பியது. வழுவழுப்பு வராத அளவு இரண்டு கிழங்குதான். மூன்று போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மொச்சையும் அவரையும் முதலில், பிறகு வாழைக்காயும் பெருவள்ளியும், வெந்துகொண்டிருக்கும்போது பூசணி. பெருவள்ளியைத் தோல் சீவினதும் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். வெளியில் வைத்தால் கறுக்கும், கையில் வழுக்கிக்கொண்டும் போகும். வெந்தபிறகு உருளைக்கிழங்கைப் போலவே இருக்கிறது என்று நினைத்தேன். சாப்பிடும்போது அதைவிட மாவுத்தன்மை கூட, இனிப்பு துளிதான். எல்லாம் வெந்து சேனையையும் சேர்த்தபின், பெரிய எலுமிச்சை அளவு பழம்புளியைக் கரைத்து ஊற்றி, உப்பும் மஞ்சளும் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிட்டேன். 100 கிராம் துவரம்பருப்பைக் குழைய வேகவைத்துத் தனியாக எடுத்து வைத்திருந்தேன்.

இனி வறுத்து அரைப்பது. சித்தியின் கணக்கு மூன்று மேசைக்கரண்டி மல்லி, இரண்டு மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், பத்து மிளகாய், அரை மூடித் தேங்காய். நான் மிளகாயை எடுத்துவிட்டு மூன்று தேக்கரண்டி மிளகு எடுத்துக்கொண்டேன். ஆனால் மூன்றையும் ஒரே இடத்தில் போடவில்லை. மிளகாயைப் போல மிளகைக் கையாள முடியாது என்பது மிளகுக் குழம்பு வைத்தவர்களுக்குத் தெரியும். அதன் காரம் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில்தான் கரையும். வெறும் வாணலியில் வறுத்துத் தண்ணீர் விட்டு அரைத்துக் கொதிக்கவிட்டால் வாசனை அடுப்போடு போய்விடும், காரம் அங்கங்கே பொடியாக நிற்கும், கசப்பு மட்டும் மிஞ்சும். அதனால் இரண்டு தேக்கரண்டியை நல்லெண்ணெயில் மல்லியோடு சேர்த்து, மிளகு வெடிக்க ஆரம்பிக்கிற வரைக்கும் வறுத்து அரைத்தேன். மூன்றாவது தேக்கரண்டியை உரலில் ஒன்றிரண்டாக இடித்து வைத்துக்கொண்டேன். அரைத்த விழுதோடு ஒரு துண்டு இஞ்சியும் தட்டிப் போட்டேன். வழக்கத்தில் இது கிடையாது. உருத்திரங்கண்ணனார் சொன்ன தோட்டத்தில் இருந்ததால் சேர்த்துக்கொண்டேன்.

விழுதும் பருப்பும் சேர்ந்து ஒரு கொதி வந்ததும் சேம்பு வட்டங்களைப் போட்டு, சின்னக் கட்டி வெல்லம் ஒன்றைச் சேர்த்தேன். இந்த வெல்லம் முக்கியமான இடம். வழக்கமான குழம்பில் பரங்கியும் சர்க்கரைவள்ளியும் விடுகிற இனிப்புதான் புளியை மட்டுப்படுத்துகிறது. அவற்றை எடுத்தபிறகு அதே அளவு புளி நாக்கை அறுக்கிறது. வெல்லம் போட்டுச் சரிசெய்யலாம். இல்லையென்றால் புளியை முக்கால் பங்காகக் குறைத்துவிடலாம். இரண்டில் புளியைக் குறைப்பதுதான் எனக்குப் பிடித்தது என்று சாப்பிட்டபின் தோன்றியது. வெல்லத்தின் இனிப்பு தனியாக மேலே வந்து நிற்கிறது. காயின் இனிப்பு அப்படி நிற்காது.

எள்ளுக்கு எந்த மாற்றமும் இல்லை. இரண்டு மேசைக்கரண்டி எள்ளை எண்ணெய் விடாமல் தனியே வறுக்க வேண்டும். படபடவென்று வெடித்து நிற்கிற கட்டத்தில் உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். சூடான வாணலியிலேயே விட்டால் ஒரு நிமிடத்தில் கசந்துவிடும். ஆறினபின் கொரகொரப்பாகப் பொடித்து, அடுப்பை அணைத்த பிறகு தூவிக் கலக்கினேன். எள் போடுகிற வரைக்கும் இது ஏதோ கிழங்கு சாம்பார் மாதிரிதான் இருக்கும். எள் விழுந்தபிறகுதான் ஏழுகறி. தாளிப்புக்கு நெய்யில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை, அந்த இடித்த மிளகு. மிளகு நெய்யில் விழுந்ததும் எண்ணிப் பத்து நொடிதான். பிறகு அப்படியே குழம்பில் கொட்டி மூடிவிட வேண்டும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் வித்தியாசம் நிறம். சித்தியின் குழம்பு செம்மஞ்சள். என்னுடையது மண் நிறம், கொஞ்சம் பச்சை கலந்த பழுப்பு. கண்ணுக்கு அழகில்லைதான். காரம் வேறு இடத்தில் பிடிக்கிறது. மிளகாய்க் காரம் உதட்டிலும் நாக்கு நுனியிலும் முதல் கவளத்திலேயே தெரியும். மிளகு நாலைந்து கவளம் போனபின் தொண்டையில் மெதுவாகச் சூடு ஏற்றுகிறது. மிளகாய் அடங்கினதால் மல்லியும் எள்ளும் தனித்தனியாகத் தெரிந்தன. சேனை, பெருவள்ளி ருசியும் அப்படித்தான். வழக்கமான குழம்பில் ஏழு காயும் ஒரே ருசிக்குள் போய் மறைந்துவிடும். இதில் எது எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். இது நல்லதா கெட்டதா என்பதில் வீட்டில் ஒற்றுமை இல்லை. சித்தப்பா இரண்டாவது முறை என்னுடையதைக் கேட்டு வாங்கினார். ஆனால் பரங்கித் துண்டு இல்லாத குறையை விடாமல் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். சித்தியின் தீர்ப்பு வேறு. "மிளகு இருக்கட்டும், பரங்கியும் இருக்கட்டும்." எனக்கும் அதில் மறுப்பில்லை. கழித்ததில் உண்மையிலேயே குழம்புக்குத் தேவைப்பட்டது பரங்கி ஒன்றுதான். மிளகாய் இல்லாததை மிளகு ஈடுகட்டியது. சர்க்கரைவள்ளி இல்லாததை யாரும் கவனிக்கவே இல்லை.

களியில் முந்திரியை எடுத்துவிட்டுத் தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் சிவக்க வறுத்துப் போட்டதோடு மாற்றம் முடிந்தது. முந்திரியைவிட இதுதான் மேல் என்று நான் சொல்வேன், கடிக்கக் கிடைக்கிறது. களியில் பலருக்குத் தப்புவது வேறு இடம். ஒரு கப் பச்சரிசியைப் பொன்னிறம் தொடங்கும் வரைக்கும் வறுத்து, ரவையாக உடைத்து, மாவைச் சலித்து நீக்கிவிட வேண்டும். மாவு கூட இருந்தால் களி பசையாகிவிடும். கால் கப் பாசிப்பருப்பை வறுத்து மலர வேகவைத்துக்கொள்ள வேண்டும், குழையக் கூடாது. ஒன்றரைக் கப் வெல்லத்தை மூன்று கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, பருப்பைப் போட்டு, ரவையைத் தூவிக்கொண்டே கிளறி, தீயைக் குறைத்து மூட வேண்டும். தண்ணீரை மட்டும் குறைக்கக் கூடாது. வெல்லம் தண்ணீரைத் தன் பக்கம் பிடித்துக்கொள்ளும், கெட்டிப் பாகில் அரிசி எவ்வளவு நேரம் ஆனாலும் வேகாது. ஒரு ரவையை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரியக் கூடாது. தெரிந்தால் கொதிக்கிற வெந்நீர் கால் கப் தெளித்து மறுபடி மூடி வைக்கலாம். நெய், ஏலக்காய், தேங்காய் எல்லாம் அதன் பிறகு.

மீந்த குழம்பை மறுநாள் மண்சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றிச் சுண்டவைத்தோம். இரண்டையும் ஒன்றாகக் கொட்டித்தான். பழைய சாதத்துக்கு அதுதான் பொருத்தம். மிளகு போட்டதைத் தனியாகச் சுண்டவைக்க நினைப்பவர்கள், சுண்டினபின் ஒரு சிட்டிகை புதிதாக இடித்த மிளகு சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் நாள் போட்டதன் வாசனை அதற்குள் போயிருக்கும்.